சார்ட்டில் வளைந்து தெரியும் பாதை ஏன் குறுக்குவழி?

கேள்வி: ஜப்பானிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும் கப்பலின் பாதை, சார்ட் என்ற கடல் வரைபடத்தில், வடக்கே அலூஷியன் தீவுகள் பக்கம் வரை வளைந்து போகிறது. நேர்கோடு போட்டுப் போனால் தூரம் குறையாதா? பெருவட்டப் பாதைக்கும் ரம்ப் லைனுக்கும் உண்மையில் எவ்வளவு வித்தியாசம், கப்பலில் எதைப் பின்பற்றுகிறார்கள்?

பதில்:

குறையாது, கூடும். இந்தப் பயணத்தில் சுமார் 229 கடல் மைல் கூடும். 14 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 14 கடல் மைல் போகும் கப்பலுக்கு அது பதினாறு மணி நேரத்துக்கும் மேல். கணக்கைக் கீழே போடுகிறேன். அதற்கு முன்னால், இரண்டு கோடுகளில் எது வளைந்தது என்பதைச் சரி செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் குழப்பம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

வட துருவத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திசைகாட்டி உண்மையான வடக்கைக் காட்டுகிறது, நீங்கள் சரியாகக் கிழக்கே, அதாவது 090 டிகிரியில், விலகாமல் நடக்கிறீர்கள். என்ன ஆகும்? துருவத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள். நடக்கும்போது முழுக்க இடது பக்கம் திரும்பிக்கொண்டே இருந்திருப்பீர்கள். ஆனால் திசைகாட்டி ஆரம்பத்திலிருந்து கடைசி வரை 090 தான் காட்டியிருக்கும். இதுதான் ரம்ப் லைன்: வடக்கோடு மாறாத கோணத்தில் போகும் கோடு. உருண்டையின் மேல் அது வளைந்த கோடு. துருவத்துக்குப் பக்கத்தில் அந்த வளைவு கண்ணுக்கே தெரியும், 35 அல்லது 40 டிகிரி அட்சரேகையில் அதே வளைவு மெதுவாக நடக்கிறது, அதனால் யாருக்கும் உறைப்பதில்லை. அங்கே கிழக்கே போகும் கப்பலும் துளித்துளியாக இடது பக்கம் திரும்பிக்கொண்டேதான் போகிறது.

பெருவட்டம் இதற்கு நேர் எதிர். உருண்டையின் மையம் வழியாக ஒரு தளம் வெட்டினால் மேற்பரப்பில் விழும் கோடு அது. இரண்டு ஊர்களுக்கு நடுவே உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நூல் தானாகப் போய் உட்காரும் இடம். அதன் மேல் போகிறவர் எந்தப் பக்கமும் திரும்புவதில்லை, முன்னால்தான் போகிறார். ஆனால் திசைகாட்டி எண் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். கப்பல் திரும்புவதால் இல்லை, அது ஒவ்வொரு தீர்க்கரேகையையும் வேறு வேறு கோணத்தில் கடப்பதால். தீர்க்கரேகைகள் இணைகோடுகள் அல்ல, எல்லாம் துருவத்தில் போய்ச் சேர்கின்றன. ஆகவே அங்குலம் அங்குலமாக "வடக்கு" என்பதே சாய்ந்துகொண்டு வருகிறது.

மெர்கேட்டர் 1569-ல் வெளியிட்ட வரைபடம் என்ன செய்தது என்றால், சேர வேண்டிய அந்தத் தீர்க்கரேகைகளைப் பிரித்து இணைகோடுகளாக நிறுத்தியது. அப்படி நிறுத்தினால் மேலே போகப் போக நிலம் கிழக்கு மேற்காக இழுபட்டுவிடும். வடிவமும் கோணமும் கெடாமல் இருக்க, அதே அளவுக்கு வடக்கு தெற்காகவும் இழுக்க வேண்டும். 60 டிகிரியில் இரண்டு பக்கமும் சரியாக இரண்டு மடங்கு. இந்த இழுப்பால் மாலுமிக்குக் கிடைத்தது பெரிய வரம்: சார்ட்டில் ஸ்கேல் வைத்து ஒரு நேர்கோடு போட்டு, அதன் கோணத்தை அளந்து, அந்த ஒரே எண்ணைத் திசைகாட்டியில் பிடித்துக்கொண்டு போனால் சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிடலாம். அதற்காகவே செய்த சார்ட் இது. தூரத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் செய்ததல்ல.

ஆக, மெர்கேட்டர் சார்ட்டில் நேராக இருப்பது உருண்டையில் வளைந்தது, சார்ட்டில் வளைந்திருப்பது உருண்டையில் நேரானது. சார்ட் ஒரு வளைவை நிமிர்த்தியது, அதற்குப் பதிலாக நேராக இருந்த இன்னொன்றை வளைத்தது.

தூரம் எப்படிக் குறைகிறது என்பதை எண்ணோடு பார்த்தால் நன்றாகப் புரியும். முதலில் மிக எளிதான ஒன்று. 60 டிகிரி வடக்கில் இரண்டு இடங்கள், உலகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில், அதாவது நடுவே 180 டிகிரி தீர்க்கரேகை வித்தியாசம். அட்சரேகையை ஒட்டிப் போனால் 180 × 60 × cos 60°, அதாவது 5400 கடல் மைல். துருவத்தின் மேலாகப் போனால் மேலே 30 டிகிரி, கீழே 30 டிகிரி, ஒரு டிகிரிக்கு 60 மைல், மொத்தம் 3600. இதில் யாருக்கும் சந்தேகம் வராது. பசிபிக்கிலும் நடப்பது இதேதான், அளவு சிறியது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் பயணம். கணக்கு எளிதாக இருக்க முழு டிகிரிகளாக எடுத்துக்கொள்கிறேன்: புறப்பாடு ஜப்பான் கரையை விட்டு விலகி 35° வடக்கு, 141° கிழக்கு. சேர்வது சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே 38° வடக்கு, 123° மேற்கு. தீர்க்கரேகை வித்தியாசம் 96 டிகிரி. பெருவட்டத் தூரத்துக்கு ஒரே ஒரு சூத்திரம் போதும். அதில் φ1, φ2 இரண்டு இடங்களின் அட்சரேகைகள், Δλ தீர்க்கரேகை வித்தியாசம், D கோணமாக வரும் தூரம்:

```
cos D = sin φ1 · sin φ2 + cos φ1 · cos φ2 · cos Δλ
      = 0.3531 + 0.6455 × (−0.1045)
      = 0.2857
D = 73.40° = 4404 கடல் மைல்
```

வரும் கோணத்தை 60-ஆல் பெருக்கினால் கடல் மைல், ஏனென்றால் ஒரு கடல் மைல் என்பது பூமியின் மேல் ஏறக்குறைய ஒரு கலை, அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. பூமி சரியான கோளம் இல்லை என்பதால் இதில் சில மைல் பிசகும். ஒப்பிட்டுப் பார்க்க அது தடையில்லை.

ரம்ப் லைனுக்கு மெர்கேட்டர் இழுப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கோர்ஸ், அதாவது கப்பல் பிடிக்க வேண்டிய திசை, 087.8 டிகிரி வருகிறது, தூரம் 4633 மைல். 4633-லிருந்து 4404-ஐக் கழித்தால் 229.

பெருவட்டத்தில் அதே கப்பல் எந்தத் திசையில் புறப்படும் என்று பாருங்கள்: 055 டிகிரி, கிட்டத்தட்ட வடகிழக்கு. சேர வேண்டிய இடம் மூன்றே டிகிரிதான் வடக்கே இருக்கிறது, ஆனாலும் வடகிழக்கே கிளம்புகிறது. ஏறி ஏறி 168° மேற்கில் 48° வடக்கை எட்டுகிறது. அதுதான் வெர்டெக்ஸ், பாதையில் துருவத்துக்கு மிக நெருங்கிய இடம். அங்கே கோர்ஸ் சரியாக 090. அதற்கப்புறம் இறங்கத் தொடங்கிக் கடைசியில் 122 டிகிரியில், தென்கிழக்கு நோக்கி வந்து சேர்கிறது. அந்த 168° மேற்கில் ரம்ப் லைன் எங்கே இருக்கிறது என்றால் சுமார் 36½ டிகிரி வடக்கில். இரண்டு கோடுகளுக்கும் நடுவே அந்த இடத்தில் ஏறக்குறைய 680 மைல் இடைவெளி. சார்ட்டில் அது இன்னும் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் மேலே போகப் போக இழுப்பு அதிகம். "இவ்வளவு சுற்றிப் போகிறானே" என்று தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தச் "சுற்று" எப்படி லாபமாகிறது? 36½ டிகிரியில் ஒரு தீர்க்கரேகையிலிருந்து அடுத்ததற்குப் போக 48 மைல் ஓட வேண்டும். 48 டிகிரியில் அதே ஒரு டிகிரிக்கு 40 மைல் போதும். கடக்க வேண்டியது 96 டிகிரி. மேலே ஏறுவதற்குக் கொஞ்சம் செலவாகிறது, ஆனால் ஏறும்போதே கிழக்கேயும் நகர்ந்துகொண்டுதானே இருக்கிறீர்கள், அதனால் அந்தச் செலவை விட மேலே கிடைக்கும் மிச்சம் பெரிது. சார்ட்டில் 48 மைல் டிகிரியும் 40 மைல் டிகிரியும் ஒரே அகலத்தில் வரைந்திருக்கும். அதனால்தான் இந்த மிச்சம் அங்கே கண்ணுக்குப் படுவதில்லை.

தெற்குக் கோளத்தில் இதே வளைவு தெற்கே, அண்டார்டிகா பக்கம் போகும். பூமத்திய ரேகையைக் கடக்கும் நீண்ட பாதையில் ஒரு பாதி ஒரு பக்கமும் மறு பாதி மறு பக்கமும் வளைந்து நீட்டிய எஸ் எழுத்து மாதிரி தெரியும். பூமத்திய ரேகையின் மேலேயே கிழக்கு மேற்காகப் போனாலோ, ஒரு தீர்க்கரேகையில் நேர் வடக்கு தெற்காகப் போனாலோ இரண்டு கோடுகளும் ஒன்றுதான். அந்த நிலைகளுக்குப் பக்கத்தில் வித்தியாசம் மிகச் சிறியது. தூரம் சில நூறு மைல்தான் என்றாலும் அப்படியே. வித்தியாசம் பெரிதாக வர மூன்றும் சேர வேண்டும்: உயர்ந்த அட்சரேகை, கிழக்கு மேற்கு ஓட்டம், நீண்ட தூரம். வட பசிபிக்கில் மூன்றும் இருக்கின்றன.

இனி கப்பலில் என்ன செய்கிறார்கள் என்ற பகுதி. பெருவட்டத்தில் கோர்ஸ் ஒவ்வொரு நிமிடமும் துளி மாறுகிறது, அதை அப்படியே திசைகாட்டியில் பிடித்துப் போவது நடைமுறை இல்லை. அதனால் பெருவட்டத்தை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ரம்ப் லைனாக ஓட்டுகிறார்கள். காகித சார்ட் முறை இது: முதலில் நோமோனிக் சார்ட் என்ற வேறு ஒரு சார்ட்டை எடுப்பார்கள். அது பூமியின் மையத்திலிருந்து பார்த்து வரைந்த படம், அதில் எந்தப் பெருவட்டமும் நேர்கோடாக விழும். இரண்டு ஊரையும் அதில் ஒரு நேர்கோட்டால் இணைத்து, ஐந்து அல்லது பத்து டிகிரி தீர்க்கரேகைக்கு ஒரு புள்ளி எடுத்து, அந்த அட்ச தீர்க்கரேகைகளை மெர்கேட்டர் சார்ட்டுக்கு மாற்றி, புள்ளிகளை நேர்கோடுகளால் இணைப்பார்கள். நோமோனிக் சார்ட்டில் கோணத்தையும் தூரத்தையும் ஸ்கேல் வைத்து அப்படியே அளக்க முடியாது, அதனால்தான் இந்த இரண்டு சார்ட் வேலை.

நம் பயணத்தின் புள்ளிகள் இப்படி வரும்: 150° கிழக்கில் 39°34', 160° கிழக்கில் 43°17', 170° கிழக்கில் 45°49', 180°-ல் 47°20', 160° மேற்கில் 47°39', 140° மேற்கில் 44°20', எல்லாம் வடக்கு. நடுவே உள்ள மற்றப் பத்து டிகிரிகளையும் சேர்த்தால் பத்துத் துண்டுகள். முதல் துண்டின் கோர்ஸ் சுமார் 57½, அடுத்தது 64, அப்புறம் 70 என்று ஆறேழு டிகிரியாக ஏறும். இப்படி வெட்டியதால் எவ்வளவு தூரம் கூடியது தெரியுமா? மொத்தப் பயணத்துக்கும் சேர்த்துச் சுமார் 3 மைல். கூடுதல் தூரம் துண்டின் நீளத்தின் கனத்தைப் பொறுத்து வளர்வது. ஆகவே துண்டைப் பத்தில் ஒன்றாக்கினால் ஒரு துண்டில் வரும் இழப்பு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். பத்துத் துண்டு சேர்ந்தாலும் நூறில் ஒன்றுதான். இதனால்தான் இன்னும் பொடிப்பொடியாக வெட்ட யாரும் கவலைப்படுவதில்லை.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது, பாதை போடுகிறவர்கள் எல்லாரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது. 48 டிகிரி வரை ஏற வேண்டும் என்பது தூரக் கணக்கு மட்டும். வட பசிபிக்கில் குளிர்காலத்தில் காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன் பின் ஒன்றாக அலூஷியன் பக்கம் நகர்கின்றன, அங்கே கடல் பயங்கரமாக இருக்கும். சரக்கும் கெடும், கப்பலும் அடிபடும், வேகமும் போகும். அதனால் "45 டிகிரிக்கு மேல் போகக்கூடாது" என்று ஒரு எல்லை வைத்துக்கொள்ளலாம். அப்போது பாதை மூன்று பகுதியாகும்: புறப்பட்ட இடத்திலிருந்து 45 டிகிரி அட்சரேகையைத் தொட்டு உரசும் ஒரு பெருவட்டம், அப்புறம் அந்த அட்சரேகையை ஒட்டியே கிழக்கே கொஞ்ச தூரம், பிறகு அதிலிருந்து இறங்கும் இன்னொரு பெருவட்டம். இதைக் கூட்டுப் பாதை என்று சொல்லலாம்.

கணக்குப் பாருங்கள். ஏறும் பகுதி 2147 மைல், 45 டிகிரியில் ஓடுவது 502 மைல், இறங்குவது 1768 மைல். மொத்தம் 4417. முழுப் பெருவட்டத்தை விட 13 மைல்தான் அதிகம்! கிட்டத்தட்ட மூன்று டிகிரி, அதாவது ஏறக்குறைய 180 மைல், தெற்கே ஒதுங்கியதற்கு விலை ஒரு மணி நேரம்கூட இல்லை. எல்லையை இன்னும் இறக்கி 42 டிகிரி என்று வைத்தால் மொத்தம் 4458, அதாவது 54 மைல் கூடுதல். அப்போதும் ரம்ப் லைனை விட 175 மைல் மிச்சம்.

ஏன் இப்படி? குறைந்தபட்சம் என்பது ஒரு பள்ளத்தின் அடி, அடியில் தரை ஏறக்குறைய சமதளம். அங்கிருந்து சிறிது விலகினால் ஏற்றம் தெரியாது, அதிகம் விலகினால்தான் வேகமாக ஏறும். ஆகவே பெருவட்டத்தை அப்படியே பிடித்துத்தான் போக வேண்டும் என்று நினைப்பதும் தவறு, வானிலை மோசம் என்பதற்காக நேரே ரம்ப் லைனுக்கு இறங்கிவிடுவதும் வீண். நடுவே இருக்கும் அந்த அகலமான பட்டைக்குள் வானிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் நல்ல வழி. என் கருத்தில் பெருவட்டக் கணக்கின் உண்மையான பயன் "இந்தக் கோட்டில் போ" என்று சொல்வதில் இல்லை, இதிலிருந்து விலகினால் எவ்வளவு செலவாகும் என்பதை அளக்க ஒரு அடிக்கோடு தருவதில் இருக்கிறது. எதிர்த்திசையில், அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குப் போகும்போது, இது இன்னும் கூர்மையாகும். மேற்கிலிருந்து வரும் காற்றும் அலையும் முகத்தில் அடிக்கும், வேகம் ஒரு நாட் குறைந்தாலே இவ்வளவு நீண்ட பயணத்தில் ஒரு நாள் போய்விடும். 13 மைல், 54 மைல் எல்லாம் அப்போது ஒன்றுமே இல்லை.

இப்போது பெரும்பாலான கப்பல்களில் காகிதம் இல்லை, எக்டிஸ் என்ற மின்னணு சார்ட் கருவியின் திரையில்தான் பாதை போடுகிறார்கள். அங்கே ஒரு தவறு எளிதாக நடக்கும், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். வேபாயிண்ட் என்பது பாதையில் குறித்து வைக்கும் புள்ளி. இரண்டு வேபாயிண்டுகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் அது RL-ஆ GC-ஆ, அதாவது ரம்ப் லைனா பெருவட்டமா, என்று ஒரு அமைப்பு உண்டு. சின்னத் துண்டில் எது இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் கடலைக் கடக்கும் ஒரு நீண்ட துண்டை ஒருவர் RL என்று நினைத்து, வழியில் ஆபத்து உண்டா என்று பார்த்து முடித்த பிறகு, அந்த அமைப்பு GC-க்கு மாறினாலோ, பாதையை வேறு கருவிக்கு மாற்றும்போது அந்தக் குறிப்பு மட்டும் தொலைந்து அந்தக் கருவி தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டாலோ, இரண்டு முனைகளும் அச்சுப் பிசகாமல் சரியாக இருக்கும், நடுவே கோடு மட்டும் நூற்றுக்கணக்கான மைல் நகர்ந்திருக்கும். முன்பு பார்த்து வைத்த பாதுகாப்புச் சோதனை வேறு ஏதோ கடலுக்குச் செய்ததாகிவிடும். முனைகளை மட்டும் சரிபார்ப்பவருக்கு இது பிடிபடாது.

கண்டுபிடிக்க இரண்டு எண்கள் போதும். துண்டின் ஆரம்பக் கோர்ஸும் மொத்தத் தூரமும். நம் பயணத்தை ஒரே துண்டாகப் போட்டிருந்தால் திரையில் 088-ம் 4633-ம் தெரிந்தால் அது ரம்ப் லைன், 055-ம் 4404-ம் தெரிந்தால் பெருவட்டம். பாதையை மாற்றிய ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு எண்களையும் காகிதத்தில் எழுதி வைத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பாதுகாப்புச் சோதனையை அந்தக் கருவியிலேயே திரும்ப ஓட்ட வேண்டும். நீண்ட துண்டே வைக்காமல் பத்து டிகிரிக்கு ஒரு வேபாயிண்ட் போட்டுவிட்டால் இந்தச் சிக்கலே ஏறக்குறைய போய்விடும். அவ்வளவு சின்னத் துண்டில் RL கோட்டுக்கும் GC கோட்டுக்கும் நடுவே வரும் விலகல், நாம் போட்ட பாதையில் எங்கேயும் பத்து மைலைத் தாண்டாது.